தேதியும் தொகையும் தப்பிய வீட்டு வேலை: இன்டீரியர் டிசைனருக்கு எழுத வேண்டிய கடிதம்

"இன்னும் ரெண்டே வாரம் சார், முடிச்சுக் கொடுத்துடறோம்." புது வீட்டின் உள்வேலையை ஒரு டிசைனரிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் இந்த வாக்கியத்தை மாதக் கணக்கில் கேட்கின்றன. சில நாள் கழித்து இன்னொன்றும் வரும்: "பட்ஜெட் கொஞ்சம் மேல போயிடுச்சு மேடம். பாதியாவது போட்டு விட்டீங்கன்னா வேலை ஓடும்." தாமதமும் கூடுதல் செலவும் பெரும்பாலும் இப்படிச் சேர்ந்தேதான் வருகின்றன. அந்த நேரத்தில் குடும்பம் ஒன்று போனில் கத்துகிறது, இல்லையென்றால் கெஞ்சுகிறது. ஷட்டர் இல்லாத அலமாரிகளும் மேடை இல்லாத அடுப்படியுமாக வீடு பாதியில் நிற்கும்போது கோபத்தைக் காட்டவும் பயமாக இருக்கிறது. அதனால் செய்தே ஆக வேண்டிய ஒரு காரியம் விட்டுப்போகிறது. அது எழுத்தில் ஒரு கடிதம்.

இந்தக் கடிதம் வெறும் சம்பிரதாயமில்லை. அதற்குச் சட்டத்தில் வலுவான காரணம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 55-ஆம் பிரிவு, குறித்த காலத்தில் முடியாத வேலையைப் பற்றிப் பேசுகிறது. காலம்தான் ஒப்பந்தத்தின் உயிர் என்று இரு தரப்பும் வைத்திருந்தால், தேதி தவறியதும் ஒப்பந்தத்தையே ரத்து செய்ய வேலை கொடுத்தவருக்கு உரிமை உண்டு. ரத்து செய்யாமல், தாமதமாக முடியும் வேலையை அவர் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஏற்கும்போதே "தாமதத்துக்கு இழப்பீடு கேட்பேன்" என்று அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காதவர் பிற்பாடு அதைக் கேட்க முடியாது. காலம் அவ்வளவு முக்கியமாக வைக்கப்படாத ஒப்பந்தம் என்றால் ரத்து செய்யும் உரிமை இல்லை, இழப்பீட்டு உரிமை மட்டும் உண்டு. நம் ஒப்பந்தம் இரண்டில் எந்த வகை என்பதைக் கடைசியில் தீர்ப்பு சொல்பவர்தான் முடிவு செய்வார். அதுவரை மௌனமாக இருந்தால் நஷ்டம் நமக்குத்தான். "வேலை முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று காத்திருப்பவர்கள் இழப்பது இந்த உரிமையைத்தான்.

எண்களோடு பார்த்தால்தான் இது புரியும். விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். மாடுலர் கிச்சன், இரண்டு வார்ட்ரோப், டிவி யூனிட், ஹாலில் ஃபால்ஸ் சீலிங், பெயின்டிங் எல்லாம் சேர்த்து ஒப்பந்தத் தொகை 10,00,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 11,80,000. வேலை தொடங்கிய நாள் 2025 ஜூன் 2. முடிக்க 90 நாள், அதாவது ஆகஸ்ட் 31. தாமதமானால் வாரத்துக்கு ஒப்பந்தத் தொகையில் அரை விழுக்காடு, அதாவது 5,000 ரூபாய், அதிகபட்சம் 50,000 வரை கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆவணி முடிவதற்குள் பால் காய்ச்சிக் குடியேறிவிடலாம் என்பது வீட்டாரின் கணக்கு.

நவம்பர் 10 வந்துவிட்டது. ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசியும் முடியப்போகிறது. டிசைனரிடம் இதுவரை 9,44,000 ரூபாய், அதாவது மொத்தத்தில் 80 விழுக்காடு போயிருக்கிறது. வீட்டில் ஃபால்ஸ் சீலிங் முடிந்து, பட்டி பார்த்து ஒரு கோட் அடித்திருக்கிறது. வார்ட்ரோப் பெட்டிகள் சுவரில் நிற்கின்றன, கதவுகள் இல்லை. அடுப்படியில் கீழ்ப்பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன, பொருத்தவில்லை. இந்த நிலையில் 3,10,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டு டிசைனர் ஒரு பில் அனுப்பியிருக்கிறார்.

பணம் முன்னால் ஓடுவதுதான் இந்தத் தொழிலில் தாமதத்தின் பெரிய வேர் என்பது என் கருத்து. வேலை பாதி தாண்டுவதற்குள் பெரும்பகுதிப் பணம் கைக்கு வந்துவிட்டால், மீதி வேலையில் டிசைனருக்குச் செலவு மட்டும்தான் இருக்கிறது, வரவு கொஞ்சமே. அடுத்த சைட்டில் புது அட்வான்ஸ் வருகிறது. தச்சர் குழு அங்கே போய்விடுகிறது. ஏமாற்றும் நோக்கம் இல்லாத டிசைனருக்கும் இது நேரும், ஏனென்றால் மூன்று சைட்டுக்கு ஒரே குழுவை வைத்துத்தான் பலர் தொழில் நடத்துகிறார்கள். இதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். "ஃபேக்டரியில் இருக்கு" என்று சொல்லப்படும் ஷட்டர்களின் கட்டிங் லிஸ்ட்டையும், அறுத்து வைத்த பலகைகளின் போட்டோவையும் கேளுங்கள். வேலை உண்மையில் நடக்கிறது என்றால் இரண்டும் அன்றைக்கே வரும். பிளைவுட்டே வாங்கவில்லை என்றால் அடுத்த தேதி மட்டும் வரும்.

கடிதம் எழுதுமுன் தாமதத்தை நாள் கணக்காகப் பிரிக்க வேண்டும். ஆகஸ்ட் 31-இலிருந்து நவம்பர் 10 வரை 71 நாள். அத்தனையையும் டிசைனர் தலையில் கட்டினால் கடிதம் முதல் பதிலிலேயே உடைந்துபோகும். லேமினேட் நிறம் தேர்ந்தெடுக்கக் குடும்பம் ஆறு நாள் எடுத்துக்கொண்டது, வாட்ஸப்பில் இருக்கிறது. ஜூலையில் பூஜை அலமாரியும் இரண்டு அறையிலும் பரணும் சேர்க்கச் சொன்னார்கள். அதற்கு எட்டு நாள் கூடுதலாகும் என்று டிசைனர் எழுதினார், இவர்கள் சரி என்றார்கள். ஆக, 14 நாள் நம் கணக்கு. அதைக் கழித்துவிட்டால் முடிக்க வேண்டிய நாள் செப்டம்பர் 14. அதன் பிறகு நவம்பர் 10 வரை 57 நாள். முழு வாரமாக எட்டு. வாரத்துக்கு 5,000 வீதம் 40,000 ரூபாய்.

டிசைனர் சொல்லக்கூடிய மற்றக் காரணங்களையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஐப்பசி மழையில் பட்டி காயவில்லை என்பார். அது உண்மைதான், சென்னை மழையில் ஈரச் சுவரில் பெயின்ட் அடித்தால் உப்பிக்கொண்டு உரியும். தச்சர்கள் தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போனார்கள் என்பார், அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இவை எல்லாம் அக்டோபரில் நடந்தவை. செப்டம்பர் 14-இல் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அக்டோபர் மழை காரணமாக முடியாது. தன் தாமதத்தால்தான் அவர் மழைக்காலத்துக்குள் வந்து மாட்டியிருக்கிறார். இதைக் கடிதத்தில் ஒரே வாக்கியத்தில், கோபமில்லாமல் எழுதினால் போதும்.

ஒப்பந்தத்தில் வாரத்துக்கு இவ்வளவு என்று எழுதியிருப்பதாலேயே அந்தப் பணம் தானாக வந்துவிடாது. 74-ஆம் பிரிவின்படி எழுதிய தொகை ஓர் உச்சவரம்பு. அதற்கு உட்பட்டு நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஆகவே உண்மையில் என்ன நஷ்டம் என்பதற்கும் ஆதாரம் வைத்திருப்பது நல்லது. இந்தக் குடும்பம் மாதம் 18,000 ரூபாய் வாடகையில் பழைய வீட்டிலேயே இருக்கிறது. செப்டம்பர் நடுவில் காலி செய்திருந்தால் மிச்சமாகியிருக்கும் ஏறக்குறைய இரண்டு மாத வாடகை 36,000 ரூபாய். கேட்கும் 40,000-க்கு அது நல்ல துணை. வாடகை ஒப்பந்தமும் வங்கியில் பணம் போன பதிவும் இணைக்கப்பட வேண்டும்.

பலர் இந்த இடத்தில் வீட்டுக்கடன் மாதத் தவணையையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அது நிற்காது. வீடு சொன்ன நாளில் முடிந்திருந்தாலும் அந்தத் தவணையைக் கட்டித்தான் இருப்போம். தாமதத்தால் புதிதாக வந்த செலவு எதுவோ அதுதான் இழப்பு. 73-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: ஒப்பந்த மீறலிலிருந்து இயல்பாக விளைந்த நஷ்டம், அல்லது ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டம். வாடகை வீட்டில் இருக்கிறோம், இந்தத் தேதியில் காலி செய்யப்போகிறோம் என்று தொடக்கத்திலேயே ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தால் அது இங்கே பெரிய பலம். தாமதத்துக்கென்று எந்த வரியும் இல்லாத ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் இந்தப் பிரிவின் கீழ் வாடகையை அப்படியே கேட்கலாம்.

அடுத்தது அந்த 3,10,000 ரூபாய் பில். மொத்தமாக மறுப்பதும் தவறு, மொத்தமாகக் கொடுப்பதும் தவறு. ஒவ்வொரு வரியாகப் பிரித்தால் அதில் நான்கு வேறு வேறு சங்கதிகள் இருக்கும்.

பூஜை அலமாரியும் பரணும் 85,000. இது நாம் கேட்டது, விலை சொல்லி ஒப்புக்கொண்டது, மறுபேச்சில்லாமல் கொடுக்க வேண்டியது. இருபது எலெக்ட்ரிக் பாயின்ட், ஒன்று 1,500 வீதம் 30,000. இதை எலெக்ட்ரீஷியன் நிற்கும்போது வாய்வார்த்தையாகச் சொன்னோம், விலை பேசவில்லை. விலை பேசாததாலேயே இலவசம் என்று சொல்ல முடியாது. சும்மா செய்வதாகச் சொல்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை நாம் அனுபவித்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 70-ஆம் பிரிவு. பாயின்ட்டுகளை எண்ணிப் பார்த்தார்கள், இருபது இருக்கிறது. விலையும் ஊர் நடப்புக்கு ஒத்துவருகிறது. ஏற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டிய இடம். கொட்டேஷனில் கிச்சன் 112 சதுர அடி, பில்லில் 138. சதுர அடி 1,500 வீதம் 26 சதுர அடிக்கு 39,000. மர வேலையில் சதுர அடி என்பது பெரும்பாலும் முகப்புப் பரப்பு, அதாவது முன்பக்கம் நின்று பார்க்கும்போது தெரியும் அகலத்தை உயரத்தால் பெருக்கியது. ஏழடி அகலம், ஏழடி உயரம் உள்ள வார்ட்ரோப் 49 சதுர அடி. பக்கவாட்டுப் பலகையும் உள்தட்டும் அந்த விலைக்குள்ளேயே அடக்கம். பில் போடும்போது பக்கவாட்டுப் பலகையைத் தனியாக அளந்து சேர்த்துவிட்டால் எண் ஏறிவிடும், வீட்டில் ஓர் அங்குலம்கூட ஏறியிருக்காது. டேப் பிடித்து அளந்ததில் இந்தக் கிச்சன் 118 சதுர அடி வருகிறது. ஆறு சதுர அடிக்கு 9,000 ரூபாய் நியாயம். மீதி 30,000 நியாயமில்லை. இதைத் தனியாக அளந்துவிட்டுச் சண்டை போடுவதைவிட, இரு தரப்பும் சேர்ந்து அளந்து ஒரு தாளில் கையெழுத்திடலாம் என்று கடிதத்தில் அழைப்பதே மேல்.

நான்காவது, பிளைவுட், கீல், டிராயர் சேனல் விலையும் கூலியும் ஏறிவிட்டன என்று 1,56,000. சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை நிர்ணயித்துப் போட்ட ஒப்பந்தத்தில், விலை ஏறினால் நாங்கள் ஏற்போம் என்று ஒரு வரி இல்லாதவரை இது டிசைனரின் பொறுப்பு. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தத்தில் 303 வகை பிளைவுட் என்று எழுதியிருக்க, நாம் நடுவில் "கிச்சனுக்கு மட்டும் 710 மரைன் போட்டுடுங்க" என்று சொல்லியிருந்தால் அந்த வித்தியாசம் விலையேற்றமில்லை, நாம் கேட்ட மாற்றம். ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 என்ற இந்திய தர நிர்ணய எண்கள் பலகையிலேயே அச்சாகியிருக்கும். பலகை வந்து இறங்கும்போதே அதைப் போட்டோ எடுத்து வைப்பது பின்னால் பல வாக்குவாதங்களைக் குறைக்கும்.

ஆக, 3,10,000-இல் ஏற்பது 1,24,000, மறுப்பது 1,86,000. புதிய ஒப்பந்த மதிப்பு 11,24,000, ஜிஎஸ்டியோடு 13,26,320. கொடுத்தது 9,44,000 போக மீதி 3,82,320. கடிதம் எழுதுபவரின் கையில் இருக்கும் உண்மையான பலம் இந்த மீதித் தொகைதான். தாமதக் கழிவு எட்டு வாரத்துக்கு 40,000 ஆகிவிட்டது, பத்தாவது வாரத்தோடு 50,000 உச்சவரம்பைத் தொட்டுவிடும். அதாவது நவம்பர் 23-க்குப் பிறகு ஒவ்வொரு வாரத் தாமதமும் டிசைனருக்கு இலவசம். வேலையை நகர்த்த அப்போது மிஞ்சுவது, மீதிப் பணத்தை வேலையின் கட்டங்களோடு கட்டிவைப்பது மட்டுமே.

அதற்குப் புதிய கால அட்டவணை வேண்டும். "டிசம்பர் முதல் வாரம்" என்பது அட்டவணை ஆகாது. எந்தச் சாமான், எந்த நாள், எதற்குப் பின் எது என்று வேலை வரிசைப்படி இருக்க வேண்டும். அடுப்படியே நல்ல உதாரணம். கீழ்ப்பெட்டிகளைப் பொருத்தி மட்டம் பார்த்த பிறகுதான் மேடைக்கல்லுக்கு அளவெடுக்க முடியும். அளவெடுத்த பிறகு சிங்க்குக்கும் அடுப்புக்கும் கல்லில் துளை வெட்டி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கல் உட்கார்ந்த பின்தான் சிங்க், குழாய், சுவர் டைல். ஆகவே கீழ்ப்பெட்டி ஒரு நாள் தள்ளினால் அடுப்படி முழுதும் தள்ளும். பெயின்ட்டின் கடைசிக் கோட் எப்போதும் மர வேலைக்குப் பின்னால் வர வேண்டும், முன்னால் அடித்தால் ஷட்டர் மாட்டும்போது சுவர் கீறும். இந்த வரிசை தெரிந்து கேட்கும் வாடிக்கையாளரிடம் வாய்க்கு வந்த தேதியைச் சொல்லச் சங்கடப்படுவார்கள். குடும்பத்துக்கு இன்னொரு எல்லையும் இருக்கிறது: டிசம்பர் 16 மார்கழி பிறக்கிறது. அதற்குள் பால் காய்ச்சவில்லை என்றால் தை வரை, இன்னுமொரு மாத வாடகை.

இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"நாள்: 10.11.2025

பொருள்: எங்கள் ஃபிளாட்டின் உள்ளலங்கார வேலை — திருத்திய கால அட்டவணையும் தாமத இழப்பீடும் கோருதல்.

ஐயா,

வணக்கம். 2.6.2025 அன்று தொடங்கிய மேற்கண்ட வேலை ஒப்பந்தப்படி 31.8.2025-க்குள் முடிந்திருக்க வேண்டும். லேமினேட் தேர்வில் எங்களால் ஆன 6 நாளையும், பூஜை அலமாரி, பரண் ஆகியவற்றுக்கு நாங்கள் ஒப்புக்கொண்ட 8 நாளையும் சேர்த்து முடிவு நாளை 14.9.2025 என ஏற்கிறோம். இன்றோடு அதற்கு மேல் 57 நாள் ஆகிறது. அக்டோபர் மாத மழையும் விடுமுறைகளும் இந்த நாளுக்குப் பின் வந்தவை என்பதால் அவற்றைக் காரணமாக ஏற்க இயலவில்லை.

முடியாத வேலைகளின் பட்டியலையும் இன்று எடுத்த போட்டோக்களையும் இணைத்துள்ளோம். கீழ்க்கண்ட நாட்களில் வேலை முடிய வேண்டும் எனக் கோருகிறோம்: கிச்சன் கீழ்ப்பெட்டிகள் பொருத்தி மேடைக்கு அளவெடுத்தல் நவம்பர் 15, விளக்கு, சுவிட்ச் பொருத்துதல் நவம்பர் 22, மேடைக்கல், சிங்க் நவம்பர் 24, வார்ட்ரோப் ஷட்டர், பரண் நவம்பர் 29, கிச்சன் ஷட்டர், டிராயர், சிம்னி டிசம்பர் 3, பூஜை அலமாரி, கடைசிக் கோட் பெயின்ட் டிசம்பர் 8, கூட்டுப் பார்வையும் ஒப்படைப்பும் டிசம்பர் 10. இவற்றில் மாற்றம் தேவையென்றால் வேலைவாரியாகக் காரணத்தோடு, ஷட்டர்களின் கட்டிங் லிஸ்ட்டையும் இணைத்து, 17.11.2025-க்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

தங்கள் கூடுதல் பில் ரூ.3,10,000-இல் பூஜை அலமாரி, பரண் ரூ.85,000, எலெக்ட்ரிக் பாயின்ட் ரூ.30,000, கிச்சன் கூடுதல் 6 சதுர அடிக்கு ரூ.9,000 ஆக ரூ.1,24,000 ஏற்கிறோம். கிச்சன் அளவில் கருத்து வேறுபாடு இருந்தால் வரும் 15-ஆம் தேதி சேர்ந்து அளக்கத் தயார். விலையேற்றம் என்ற ரூ.1,56,000-க்கு ஒப்பந்தத்தில் இடமில்லை.

ஜிஎஸ்டி உட்பட மீதி ரூ.3,82,320-ஐ இவ்வாறு தருவோம்: மேடைக்கல் பொருத்தியதும் ரூ.1,00,000, எல்லா ஷட்டரும் டிராயரும் பொருத்தியதும் ரூ.1,20,000, ஒப்படைப்பில் ரூ.1,12,320, இதில் தாமத இழப்பீடு கழிக்கப்படும். குறைகள் சரிசெய்த பின், ஒப்படைத்த 30-ஆம் நாள் ரூ.50,000. ஒவ்வொரு தொகைக்கும் ஜிஎஸ்டி பில் தேவை.

ஒப்பந்தப்படி இன்று வரை தாமத இழப்பீடு ரூ.40,000. மேற்கொண்டு ஆகும் ஒவ்வொரு முழு வாரத்துக்கும் ரூ.5,000, மொத்தம் ரூ.50,000 வரை சேரும். இந்தக் காலத்தில் நாங்கள் கட்டிய வாடகைக்கான ஆதாரம் இணைப்பில் உள்ளது. தாமதமாக நடக்கும் வேலையை நாங்கள் அனுமதிப்பதும் ஏற்பதும் இழப்பீடு கோரும் எங்கள் உரிமையை விட்டுக்கொடுப்பதாகாது.

10.12.2025-க்குள் வேலை முடியாவிட்டால், சேர்ந்து கணக்கெடுத்த பின் மீதி வேலையை வேறொருவரிடம் கொடுத்து, அதனால் ஆகும் கூடுதல் செலவைத் தங்களிடம் கோர நேரிடும். அதற்கு இடமில்லாமல் தாங்களே முடித்துத் தர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்."

இந்தக் கடிதத்தில் நமக்கு எதிரான 14 நாளும் நாம் கொடுக்க வேண்டிய 1,24,000 ரூபாயும் முதலில் வருகின்றன. தன் பக்கத்துப் பிழையைக் கழித்துவிட்டுக் கேட்பவரின் கணக்கைப் பின்னால் யார் பார்த்தாலும் நம்புவார்கள். "மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம்" போன்ற வரிகளை நான் விட்டிருப்பதும் அதற்காகவே. நுகர்வோர் ஆணையம் மன உளைச்சலுக்கும் ஈடு தர முடியும், ஆனால் அதைக் கேட்கும் இடம் புகார் மனு. டிசைனரை வேலைக்குத் திரும்பவைக்க எழுதும் கடிதத்தில் அது பேச்சைத்தான் நிறுத்தும்.

கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பி, ஒப்புகையோடு தபாலிலும் அனுப்ப வேண்டும். வாட்ஸப்பில் மட்டும் அனுப்பினால் "பார்க்கலை" என்ற பேச்சு வரும். முதல் கடிதத்துக்கு வக்கீல் தேவையில்லை. கடிதம் போன பிறகு பூட்டை மாற்றி ஆட்களை உள்ளே விடாமல் தடுப்பதும், அவர்களுடைய மெஷினைப் பிடித்து வைப்பதும் கூடவே கூடாது. "வேலை செய்ய விடவில்லை" என்று சொல்ல நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

பதில் பெரும்பாலும் பேரமாகத்தான் வரும். டிசம்பர் 10 முடியாது, 14 என்பார். விலையேற்றத்தை விட்டுவிடுகிறேன், இழப்பீட்டை 25,000 ஆக்குங்கள் என்பார். மார்கழிக்கு முன் வீடு கையில் கிடைக்குமென்றால் இதை ஏற்பதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். ஏற்றால் அதையும் ஒரு துணை ஒப்பந்தமாக எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அதில் ஒரு வரியை மறக்காமல் சேருங்கள்: இனி எந்த மாற்றமும் எத்தனை ரூபாய், எத்தனை நாள் என்ற இரண்டும் எழுதி ஒப்புக்கொண்ட பிறகே செய்யப்படும். பூஜை அலமாரிக்கு ரூபாயும் நாளும் இரண்டுமே எழுத்தில் இருந்ததால்தான் அது சண்டையில்லாமல் தீர்ந்தது. எலெக்ட்ரிக் பாயின்ட்டுக்கு இரண்டுமே இல்லை.

பதிலே வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. சொந்தக் குடியிருப்புக்காகப் பணம் கொடுத்துப் பெறும் உள்ளலங்கார வேலை அதன் கீழ் ஒரு சேவை, காலம் தவறுவது சேவைக் குறைபாடு. கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் மனு போடலாம். டிசைனரின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இந்தக் குடும்பம் கொடுத்த 9,44,000 ரூபாய்க்குக் கட்டணம் 200 ரூபாய், ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்து பார்க்கலாம், அந்தக் கட்டத்திலேயே இறங்கிவரும் டிசைனர்களும் உண்டு. மனுவுக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து அது ஓடுகிறது, "ரெண்டே வாரம்" என்ற வாக்குறுதிகளுக்காக அது காத்திருப்பதில்லை.

வேறு ஆளை வைத்து முடிக்கும் நிலை வந்தால் பழைய வேலை எந்த இடத்தில் நின்றது என்பதைப் பதிவு செய்யாமல் ஒரு பலகையையும் தொடக்கூடாது. அறைவாரியாக வீடியோ, பொருள் பட்டியல், டிசைனரைக் கூட்டுப் பார்வைக்கு அழைத்த கடிதம், அவர் வராவிட்டால் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. புது ஆள் வந்து ஷட்டர் மாட்டிய பிறகு, பழையவர் எவ்வளவு செய்தார் என்பதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நாம் கேட்கும் கூடுதல் செலவுக்கும் அப்போது ஆதாரம் இருக்காது.

டிசைனரே முடித்துச் சாவி கொடுக்கிறார் என்றால் ஒப்படைப்புத் தாள் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார். "வேலை திருப்தியாக முடிந்தது, பாக்கி ஏதுமில்லை" என்று அச்சடித்த தாளாக அது இருக்கும். பால் காய்ச்சும் அவசரத்தில் பலர் படிக்காமலே போட்டுவிடுகிறார்கள். கையெழுத்திடுமுன் அந்த வரியை அடித்துவிட்டு, சரிசெய்ய வேண்டிய குறைகளின் பட்டியலையும், 10.11.2025 கடிதப்படியான தாமத இழப்பீடு தனியே தீர்க்கப்பட வேண்டியது என்பதையும் கையால் எழுதி, தேதி போட்டு, அவரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை நாம் வைத்துக்கொள்ள வேண்டும்.